பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு நாளில் டியூஷனுக்கு எவ்வளவு இடம்?



அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கைக்கு வந்ததும் நம் வீடுகளில் ஒரே மாதிரியான முடிவுதான் எடுக்கப்படுகிறது. மதிப்பெண் குறைந்திருந்தால் இன்னொரு டியூஷன் சேர்க்கப்படுகிறது. கோரிப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும் இதே வழக்கம்தான். மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களிலும் இதே வழக்கம்தான். காலையில் கணக்கு, மாலையில் எல்லாப் பாடமும், ஞாயிற்றுக்கிழமை தனித்தேர்வு என்று பிள்ளையின் நாள் முழுவதும் பிறர் கையில் போய்விடுகிறது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மூன்று மாதங்களே இருக்கும் நேரத்தில் இந்த முடிவு பெரும்பாலான பிள்ளைகளுக்கு உதவுவதில்லை என்பதே நம் கருத்து. டியூஷனே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் ஆகிய மூன்றையும் ஒரே நாளுக்குள் வைத்து மணிக்கணக்குப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்கிறோம்.

முதலில் தேர்வு பிள்ளையிடம் எதைக் கேட்கிறது என்று பார்ப்போம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 என மொத்தம் 500 மதிப்பெண். அறிவியலில் மட்டும் 25 மதிப்பெண் செய்முறைக்குப் போக, எழுத்துத்தேர்வு 75-க்கு நடக்கிறது. காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வருகிறது. அதைப் படிப்பதற்கும் விவரங்களைச் சரிபார்ப்பதற்கும் 15 நிமிடம். பின்னர் 10.15 முதல் 1.15 வரை மூன்று மணி நேரம் எழுத வேண்டும். புத்தகம் மூடியிருக்கும், விளக்க எவரும் இல்லை, கடிகாரம் ஓடும். அந்த நிலையில் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் பழக்கத்தைத்தான் தேர்வு அளக்கிறது. பள்ளியும் டியூஷனும் விளக்கத்தைத் தருகின்றன. வீட்டுப்பாடம் பெரும்பாலும் புத்தகத்தைத் திறந்துவைத்துச் செய்யப்படுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதும் நேரத்தை யார் தருகிறார்கள் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

ஒரு மாணவரின் நாளை எடுத்துக்கொள்வோம். அவர் ஒத்தக்கடைப் பகுதியிலிருந்து மதுரை நகரப் பள்ளிக்குப் பேருந்தில் வந்து போகிறவர். மக்தபில் நம்மிடம் ஓதுகிறவர். பெயர் வேண்டாம். இவரைப் போன்ற பிள்ளை ஒவ்வொரு மஹல்லாவிலும் உண்டு.

ஃபஜ்ருக்கு 5.15 மணிக்கு எழுகிறார். 6.15 முதல் 7.30 வரை கணக்கு டியூஷன். 8 மணிக்குப் பேருந்து. 8.45-க்குச் சிறப்பு வகுப்பு, பிறகு பள்ளி, மாலையில் மீண்டும் சிறப்பு வகுப்பு என 5 மணி வரை பள்ளியிலேயே இருக்கிறார். வீடு வந்து சேர 5.50 ஆகிறது. 6.15 முதல் 8.30 வரை எல்லாப் பாடங்களுக்குமான டியூஷன். இஷாவும் சாப்பாடும் முடிய 9.15. அதன் பிறகு பள்ளி வீட்டுப்பாடம் ஒரு மணி நேரம், டியூஷன் வீட்டுப்பாடம் ஒரு மணி நேரம். படுக்கும்போது மணி 11.30. மறுநாள் மீண்டும் 5.15.

இப்போது கூட்டிப் பார்ப்போம். பள்ளியில் 8 மணி 15 நிமிடம். டியூஷனில் மூன்றரை மணி நேரம். பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வீட்டுப்பாடத்தில் இரண்டு மணி நேரம். தூக்கம் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. தாமாக உட்கார்ந்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்த நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. மக்ரிப் டியூஷனுக்குள் சிக்கிக்கொள்வதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை மதுரையில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.15-க்கும் 6.30-க்கும் இடையில்தான். 6.15-க்குத் தொடங்கும் வகுப்பு தொழுகையின் மீதே அமர்ந்திருக்கிறது.

அரையாண்டுத் தேர்வில் இவர் பெற்றவை: தமிழ் 71, ஆங்கிலம் 58, கணிதம் 41, அறிவியல் 52, சமூக அறிவியல் 66; கூட்டினால் 288. கணக்குக்கு மட்டும் இரண்டு டியூஷனிலும் உட்காருகிறார். மிகக் குறைந்த மதிப்பெண்ணும் கணக்கில்தான். அவருடைய அத்தா நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், வேற ஒரு நல்ல வாத்தியாராப் பாத்து மாத்திவிடலாமா?" வாத்தியாரை மாற்றும் முன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றோம்.

கணித வினாத்தாளின் அமைப்பு எளியது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14 தரப்பட்டு அவற்றில் 10 எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்களும் 14 தரப்பட்டு 10 எழுத வேண்டும். இறுதியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். ஆக 14, 20, 50, 16 என்று நூறு. இம்மாணவர் அவற்றில் முறையே 9, 12, 15, 5 பெற்றிருந்தார். இழந்த 59 மதிப்பெண்ணில் 35 ஐந்து மதிப்பெண் வினாக்களில் மட்டுமே போயிருக்கிறது.

போன மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் அருகே மூன்று குறிகளில் ஒன்றை இடச் சொன்னோம். தெரியாததால் போனது, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டது, தெரிந்தும் தவறாக எழுதியது. ஐந்து மதிப்பெண் பகுதியில் அவர் நான்கு வினாக்களைத் தொடவே இல்லை. அவற்றுள் இரண்டு தெரியாதவை. இரண்டு தெரிந்தவை, ஆனால் நேரம் முடிந்துவிட்டது. ஏன் முடிந்தது என்று கேட்டால், வடிவியலையும் வரைபடத்தையும் முதலில் எடுத்து, அவை இரண்டிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் செலவாகிவிட்டது என்றார். அவ்வளவு நேரம் கொடுத்தும் அப்பகுதியில் கிடைத்தது 16-க்கு 5. எழுதிய மற்ற ஐந்து மதிப்பெண் வினாக்களில் பாதி வழி சரியாக வந்து, கூட்டலிலோ குறியிலோ பிசகியிருந்தது.

இந்தக் குறிகள் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கின்றன. இன்னொரு ஆசிரியரின் விளக்கம் தேவைப்படுவது 'தெரியாதது' என்று குறித்த பகுதிக்கு மட்டுமே. நேரக் குறைவும் கைப்பிசகும் எழுதி எழுதித்தான் சரியாகும். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு கணக்கைப் போடும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது புரிந்துவிடுகிறது. புரிந்தது தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறது. மறுநாள் வெள்ளைத்தாளில் அதே கணக்கைப் போடச் சொன்னால் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறது. ஒரே கணக்கைப் பள்ளியில் ஒரு முறை, காலை டியூஷனில் ஒரு முறை, மாலை டியூஷனில் ஒரு முறை பார்க்கும் பிள்ளைக்கு இந்த மயக்கம் மூன்று மடங்காகிறது.

ஆகவே டியூஷன் ஆசிரியரை எடைபோடப் பெற்றோருக்கு ஓர் எளிய வழி உண்டு. ஒன்றரை மணி நேர வகுப்பில் பிள்ளை எவ்வளவு நேரம் புத்தகம் பார்க்காமல் எழுதுகிறது, எழுதியதை அன்றே திருத்தித் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரமாவது எழுத வைத்துத் திருத்துகிறார் என்றால் அந்த டியூஷன் வைத்துக்கொள்ளத் தக்கது. பள்ளியில் நடந்ததையே மீண்டும் நடத்தி, கேள்வி பதில் எழுதிப்போட்டுப் படித்துவரச் சொல்கிறார் என்றால், அது பள்ளியின் இன்னொரு பிரதி மட்டுமே.

வீட்டுப்பாடத்துக்கும் இதே அளவுகோல்தான். பள்ளி ஒன்று தருகிறது; டியூஷன் ஒன்று தருகிறது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் தரப்படுகின்றன. சமூக அறிவியலில் ஒரே வினாவுக்கான விடையைப் பள்ளி நோட்டில் ஒரு முறையும் டியூஷன் நோட்டில் ஒரு முறையும் பார்த்தெழுதும் பிள்ளைகளை நாம் அறிவோம். நோட்டு நிறைகிறது, கை வலிக்கிறது. மூடிவிட்டுக் கேட்டால் இரண்டு குறிப்புகள்கூட வருவதில்லை. பள்ளி தரும் வீட்டுப்பாடத்தை நாம் தவிர்க்க இயலாது. தவிர்க்கவும் கூடாது, ஒழுங்கு அதனோடு சேர்ந்தது. டியூஷன் தரும் வீட்டுப்பாடம் நம் கையில் இருக்கிறது. பெற்றோர் நேரில் போய், "சார், வீட்டுக்குத் தனியா எதுவும் குடுக்க வேணாம், இங்க இருக்கிற நேரத்துலயே எழுத வச்சிருங்க" என்று மரியாதையாகக் கேட்கலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். பார்த்தெழுதும் வேலையை முதலில் படித்து, மூடிவிட்டு எழுதி, விட்டுப்போனதை வேறு நிற மையால் சேர்க்கும் வேலையாக மாற்றிக்கொண்டால் அதே வீட்டுப்பாடம் தேர்வுப் பயிற்சியாகிவிடும். கூடுதலாக ஆவது சில நிமிடங்களே.

நம் மாணவருக்கு அமைத்த புதிய நாள் இது. காலை டியூஷன் நிறுத்தப்பட்டது. ஃபஜ்ர் முடிந்து 5.50 முதல் 6.50 வரை அவருக்கே உரிய ஒரு மணி நேரம். அதில் படிப்பதில்லை, எழுதுவது மட்டுமே. பள்ளி நேரத்தில் எந்த மாற்றமும் இல்லை. 5.50-க்கு வீடு வந்தால் சிற்றுண்டி, ஓய்வு, மக்ரிப் என ஒரு மணி நேரம் போகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் 6.50 முதல் 8.15 வரை கணிதத்துக்கும் அறிவியலுக்கும் மட்டும் டியூஷன். செவ்வாயும் வியாழனும் அதே நேரம் மற்ற மூன்று பாடங்களுக்கு. இஷா, சாப்பாடு முடிந்து 9 முதல் 10 வரை பள்ளி வீட்டுப்பாடம். 10 மணிக்குள் முடியாதது முடிந்த அளவோடு நிற்கும். 10.15-க்குப் படுக்கை. தூக்கம் ஏழு மணி நேரம் ஆகிறது.

காலை ஒரு மணி நேரத்தில் முதல் மூன்று வாரம் கணக்குதான். முதல் வாரம் வடிவியலும் வரைபடமும். வடிவொத்த முக்கோணம் வரைதல், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் தந்து முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு வரைதல், இருபடிச் சமன்பாட்டின் வரைபடம், நேர்மாறல் எதிர்மாறல் வரைபடம் என்று வகைகள் எண்ணிவிடக் கூடியவை. நாளொன்றுக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் பார்த்து 15 நிமிடம். உதவிப்படமும் அளவுத்திட்டமும் எழுதாமல் விட்டால் மதிப்பெண் போகும் என்பதை வரையும்போதே கற்றுக்கொள்வார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் ஐந்து மதிப்பெண் வினாக்கள். எட்டு இயல்களையும் ஒருசேரத் தூக்காமல், அவருக்கு ஓரளவு பிடிபட்ட மூன்றை மட்டும் எடுத்தோம்: உறவுகளும் சார்புகளும், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும். டியூஷன் ஆசிரியரிடம் 'தெரியாதது' என்று குறித்த கணக்குகளின் பட்டியல் போனது. அவர் எதை நடத்த வேண்டும் என்பது அவருக்கும் தெளிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை 10.15 முதல் 1.15 வரை ஒரு முழு வினாத்தாள். நேரம் தேர்வு நேரமேதான். உடலும் கையும் அந்த நேரத்துக்குப் பழக வேண்டும். வீட்டில் யாருக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, 1.15-க்குத் தாளை வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும். திருத்துவதை டியூஷன் ஆசிரியர் செய்யலாம். இழந்த மதிப்பெண்களுக்கு மீண்டும் அதே மூன்று குறிகள். 'நேரம் போதவில்லை' என்ற குறி வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்பதே திட்டம் சரியாகப் போவதன் அடையாளம். தொடர்ந்து மூன்று ஞாயிறும் குறையவில்லையென்றால் திட்டத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் அது காலை நேரம் எழுதாமல் வாசிப்பில் போவதாகத்தான் இருக்கும். பிள்ளை முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுகிறது, ஃபஜ்ருக்கு எழுப்ப முடியவில்லை என்றால் இரவு நேரம் நீண்டுவிட்டது என்று பொருள்.

இத்திட்டம் எல்லாருக்கும் பொருந்தாது. பின்னத்தைக் கூட்டவே திணறும் பிள்ளைக்குத் தனியாக ஒரு மணி நேரம் கொடுத்தால் அது விழித்துக்கொண்டிருக்கும். அவருக்கு ஆசிரியர் வேண்டும், அதுவும் ஐம்பது பேருக்கு நடுவில் அல்ல, நான்கைந்து பேரோடு. ஒற்றை அறை வீட்டில் தம்பி தங்கைகளோடு இருக்கும் பிள்ளைக்கு டியூஷன் என்பது பாடத்தைவிட, உட்கார ஓர் அமைதியான இடம். நம் பெண்பிள்ளைகளுக்கோ மாலை வீட்டுவேலை என்ற இன்னொரு பாடவேளையும் உண்டு. அட்டவணை போடும் அத்தாமார்கள் அதையும் கணக்கில் எழுத வேண்டும். எழுதினால்தான் அதை யார் பங்கிட்டுக்கொள்வது என்ற பேச்சு வரும்.

இங்கேதான் மக்தப் ஆசிரியர்களாகிய நாமும் ஜமாஅத்தாரும் வருகிறோம். பள்ளியைக் குறை சொல்கிறோம், டியூஷனைக் குறை சொல்கிறோம். அதே பிள்ளையிடம் நம் பங்கு ஒரு மணி நேரத்தையும் குறையாமல் கேட்கிறோம். ஜனவரி முதல் தேர்வு முடியும் வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வார நாள் மக்தப் பாடத்தை ஃபஜ்ருக்குப் பின் பத்து நிமிடக் குர்ஆன் ஓதலோடு நிறுத்திக்கொண்டு, மீதியைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம். மனனத்தில் புதிய பாடம் வேண்டாம். பழையதை மறக்காமல் ஓதிவந்தால் போதும். விட்டுப்போனதைத் தேர்வுக்குப் பிந்திய விடுமுறை ஈடுசெய்துவிடும். அடுத்து, மக்ரிபுக்குப் பின் மதரஸாக் கூடத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 6.50 முதல் 8.15 வரை திறந்து வைக்கலாம். பாடம் நடத்த வேண்டாம். விளக்கு, மின்விசிறி, ஒரு கடிகாரம், பேச்சுச் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர். பெண்பிள்ளைகளுக்கு ஆலிமா ஒருவர் பொறுப்பில் தனி அறை. டியூஷன் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இதனினும் பெரிய உதவி இருக்க முடியாது.

ரமளானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வு மார்ச் 28 அன்று, நோன்பின் இறுதி நாள்களில் தொடங்கியது. ரமளான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. ஆகவே வரும் ஆண்டுகளில் அது திருப்புதல் தேர்வுகளும் அறிவியல் செய்முறைத் தேர்வும் நடக்கும் பிப்ரவரிக்குள் வந்துவிடுகிறது. நோன்பு கடமையான பிள்ளை நோன்போடுதான் எழுதும். மாற வேண்டியது அட்டவணைதான். சஹருக்கு 4.15-க்கு எழும் பிள்ளை தராவீஹ் முடித்து 10 மணிக்குப் படுத்தாலும் ஆறேகால் மணி நேரமே தூங்குகிறது. எனவே அந்த மாதம் மாலை டியூஷனை நிறுத்திவிட வேண்டும். மாலைச் சிறப்பு வகுப்பிலிருந்து நோன்பாளிப் பிள்ளைகளை விடுவிக்கும்படி பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்கலாம். அப்படிக் கிடைக்கும் முக்கால் மணி நேரம் இஃப்தாருக்கு முன் தூங்குவதற்கு. கடினமான பாடமெல்லாம் சஹர் வயிற்றில் இருக்கும் காலை நேரத்துக்கு. மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் வீட்டுப்பாடத்துக்கு. ஞாயிறு மூன்று மணி நேரத் தேர்வு மட்டும் மாறாது. நோன்போடு மூன்று மணி நேரம் எழுத முடியும் என்று பிள்ளை தானே கண்டுகொள்ளட்டும்.

இன்னொரு டியூஷனுக்கு முன்பணம் கட்டும் முன் இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். பிள்ளையின் ஒரு நாளை எழுந்தது முதல் படுத்தது வரை ஒரு தாளில் எழுதுங்கள். அரையாண்டு விடைத்தாளை வாங்கி, போன மதிப்பெண்களுக்கு அந்த மூன்று குறிகளை இடச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதைச் சேர்க்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நம் பிள்ளைகளின் நேரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.